நேர்ச்சை உப்பு, ஆடிச் சாரல், ஒரு பையன்: குறும்படத் திரைக்கதைக்குக் கருத்து வேண்டும்

குண்டாற்றங்கரை எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். பதினைந்து நிமிடக் குறும்படத்துக்கு ஒரு திரைக்கதை எழுதி வைத்திருக்கிறேன். களம் செங்கோட்டைக்கு மேற்கே புளியரைப் பக்கம். எஸ் வளைவு ஏறினால் கோட்டைவாசல், அதைத் தாண்டினால் ஆரியங்காவு, கேரளா. மலையடிவாரத்து வயல்காட்டில் கதை நடக்கிறது.

கதை இதுதான். பத்து வயதுப் பையன். அப்பா புனலூர்ப் பக்கம் வேலைக்குப் போய்விட்டு வாரம் ஒருமுறை வருகிறவர். தங்கச்சி கழுத்தில் பாலுண்ணி. ஊருக்கு வெளியே ஓடைக்கு அந்தப் பக்கம் இருக்கிற முப்பிடாதி அம்மன் கோயிலில் உப்பும் மிளகும் போடுவதாக ஆச்சி நேர்ந்திருக்கிறாள். ஆடி கடைசி வெள்ளிக்குள் போட வேண்டும். அதற்குள் ஆச்சி விழுந்து இடுப்பு பிடித்துப் படுத்துவிடுகிறாள். "நான் போட்டுட்டு வாரேன் ஆச்சி, சத்தியமா" என்கிறான் பையன். கடைசி வெள்ளியன்று கொட்டுகிற மழையில் கிளம்புகிறான். வழுக்கி விழுகிறான், நாய் துரத்துகிறது, மலையாள லாரி டிரைவர் ஒருவர் ஏறிக்கொள்ளச் சொல்கிறார், இவன் மறுத்துவிட்டு நடக்கிறான். கோயிலில் ஈ காக்கா இல்லை. உப்பைப் போடுகிறான், மழை நின்று வெயில் வருகிறது.

படித்த நண்பர்கள் எல்லாரும் "பையன் நடக்கிறான், மழை பெய்யுது, போய்ச் சேருறான், அவ்வளவுதானா?" என்கிறார்கள். எங்கே தட்டுகிறது என்று சொல்லுங்கள். பதினெட்டுப் பக்கம் வந்திருக்கிறது, குறைக்கவும் வேண்டும்.

ரீல் மதுரை எழுதியது:

தம்பி, தடை பத்தவில்லை. பாம்பு ஒன்று வரட்டும், மரம் ஒடிந்து விழட்டும். அப்புறம் பெரிய விஷயத்தையே விட்டுவிட்டீர்களே, பையன் கையில் இருப்பது உப்பு! மழையில் கரையாதா? பத்து நிமிடம் நனைந்தாலே போதும், பொட்டலத்தில் ஒன்றும் இருக்காது. வெறுங்கையோடு அம்மன் முன்னால் நின்று அழுகிறான், கட். இதைவிட என்ன கிளைமாக்ஸ் வேண்டும்?

வேலந்தாவளம் அக்கா எழுதியது:

தம்பி, உங்கள் பாப்பாவுக்குப் பாலுண்ணி என்றால் பயப்பட வேண்டாம். என் மகனுக்கும் இப்படித்தான் கழுத்தில் முத்து முத்தாக வந்தது. சொறிந்தால் பரவும், துண்டைத் தனியாக வையுங்கள். தோல் டாக்டர் பார்த்துவிட்டு, இது வைரஸ், பெரும்பாலும் தானாகவே போய்விடும், ஆனால் மாதக்கணக்கில் ஆகலாம் என்றார். மாமியார் அதெல்லாம் கேட்கவில்லை, தனியாக மாரியம்மன் கோயிலில் உப்பு போட்டுவிட்டு வந்தார். ஒரு வருஷத்துக்குள் எல்லாம் உதிர்ந்துவிட்டது. டாக்டரா அம்மனா என்று எங்கள் வீட்டில் இன்றைக்கும் பேச்சு உண்டு.

குண்டாற்றங்கரை எழுதியது:

அக்கா, அது கதையில் வரும் பாப்பா! எனக்கு இன்னும் கல்யாணமே ஆகவில்லை. ஆனாலும் மாதக்கணக்கில் ஆகும் என்று சொன்னது உதவும். படத்துக்குள் பாலுண்ணி உதிர்கிற மாதிரி ஒரு காட்சி இருந்தது, அதை எடுத்துவிடுகிறேன்.

ரீல் அண்ணே, உப்பு கரைவது நல்ல யோசனை. அதைப் பிடித்துக்கொள்கிறேன்.

மேக்கரைக்காரர் எழுதியது:

கொஞ்சம் பொறுங்கள், பிடித்துக்கொள்வதற்கு முன்னால் கணக்குப் பார்த்துவிடலாம். நான் இந்த மலையடிவாரத்திலேயே பிறந்து வளர்ந்தவன், சில வருஷம் உதவி இயக்குநராகவும் அலைந்திருக்கிறேன். இரண்டு விஷயம் சொல்கிறேன், ஒன்று மழை, இன்னொன்று உப்பு.

முதலில் மழை. நீங்கள் எழுதியிருப்பது ஆடி, அதாவது ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் நடு வரை. அது தென்மேற்குப் பருவம். மலைக்கு அந்தப் பக்கம் அவர்களுக்குக் கர்க்கடகம், அங்கேதான் கொட்டும். கணவாய் வழியாகக் காற்றோடு சேர்ந்து நம் பக்கம் வந்து விழுவது பெரும்பாலும் சாரல். பத்து நிமிடம் தூறும், வெயில் அடிக்கும், மறுபடி தூறும். குடை பிடித்தால் காற்று மடக்கிவிடும், அதனால் பாதிப்பேர் பிடிப்பதே இல்லை. இடி மின்னலோடு சாயங்காலம் கொட்டுகிற மழை வேண்டுமென்றால் ஐப்பசி கார்த்திகைக்குப் போக வேண்டும். அது கிழக்கே இருந்து வருகிற மழை. ஐப்பசி மழையை ஆடியில் பெய்ய வைத்தால் தென்காசிக்காரன் ஒருத்தன்கூட நம்ப மாட்டான்.

சாரலில் உப்பு கரையுமா? நூறு மில்லி தண்ணீர் ஏறத்தாழ 36 கிராம் உப்பைத்தான் கரைக்கும், அதற்குமேல் ஏற்காது. பையன் கொண்டுபோவது ஒரு சின்னக் கைப்பிடி, 50 கிராம் என்று வைத்துக்கொள்வோம். துணியில் முடிந்தால் எலுமிச்சம்பழ அளவு, மேலிருந்து பார்த்தால் இருபது சதுர சென்டிமீட்டர் பரப்பு. ஒரு மணி நேரத்தில் 5 மில்லிமீட்டர் சாரல் விழுந்தால் அந்த முடிச்சின்மேல் விழுகிற தண்ணீர் மொத்தமே 10 மில்லி. அது நாலு கிராம் உப்பைக்கூடக் கரைக்காது. மேல்பக்கம் கசகசவென்று ஈரமாகும், அவ்வளவுதான். கொட்டுகிற மழை, மணிக்கு 50 மில்லிமீட்டர் என்று வைத்தாலும் ஒரு மணி நேரம் முடிந்த பிறகு முடிச்சில் உப்பு மிச்சம் இருக்கும். அதுவும் பையன் கைக்குள் பொத்தி வைக்காமல் வெளியே தொங்கவிட்டால்தான் இந்தக் கணக்கு.

ஆனால் ஓடை வேறு. நெஞ்சுமட்டம் தண்ணீரில் முங்கினால் ஓடுகிற தண்ணீர் நிமிடக் கணக்கில் அரித்துவிடும். வீட்டில் வாளித் தண்ணீரில் கல் உப்பு முடிச்சை அலசிப் பாருங்கள், எவ்வளவு நேரம் தாங்குகிறது என்று தெரியும், காட்சியின் நீளத்தை அதை வைத்தே முடிவு செய்யலாம்.

இங்கேதான் நம் ஊர் மழையின் குணம் கதைக்கு உதவுகிறது. தலைக்கு மேலே வெறும் தூறல், சட்டைகூட முழுசாக நனையவில்லை, ஆனால் மலையில் கொட்டிக்கொண்டிருக்கிறது, ஓடையில் தண்ணீர் ஏறுகிறது. மேக்கரைப் பக்கம் வளர்ந்த எந்தப் பிள்ளைக்கும் அடையாளம் தெரியும். தெளிந்த தண்ணீர் முதலில் கலங்கும், சருகும் சுள்ளியும் மிதந்து வரும், இரைச்சல் மாறும், அப்புறம்தான் மட்டம் ஏறும். பையன் சருகைப் பார்க்கிறான். இப்போது கடந்தால் கடக்கலாம், இல்லையென்றால் சாயங்காலம் வரை நிற்க வேண்டும். பாம்பும் வேண்டாம் மரமும் வேண்டாம், இது ஒன்று போதும்.

இன்னொரு சந்தேகம். ஆடி கடைசி வெள்ளியில் அம்மன் கோயிலில் ஈ காக்கா இல்லையா? காலையிலிருந்து மைக்செட் அலறும், பொங்கல் பானை வரிசையாக இருக்கும், செருப்பு விட இடம் இருக்காது.

ரீல் மதுரை எழுதியது:

கணக்கெல்லாம் சரி சார். ஆனால் தியேட்டரில் உட்கார்ந்து எவன் மில்லி அளக்கிறான்? மழையில் உப்பு கரையும் என்று எல்லாரும் நம்புகிறார்கள், அது போதும். இன்னொன்று, சாரலைக் கேமராவில் பிடிக்கவே முடியாது. குறும்படத்துக்கு மழை என்றால் டேங்கர் லாரியும் பைப்பும்தான்.

மேக்கரைக்காரர் எழுதியது:

பிடிக்க முடியாது என்பது பாதி சரி. முன்பக்கத்திலிருந்து வெளிச்சம் விழுந்தால் சாரல் மட்டுமில்லை, நல்ல மழையே கேமராவில் காணாமல் போகும். துளிக்குப் பின்னாலிருந்து வெளிச்சம் வர வேண்டும், அதற்குப் பின்னால் இருட்டான ஏதாவது இருக்க வேண்டும். புளியரையில் சாயங்காலம் நாலு மணிக்குமேல் மேற்கே பார்த்து வைத்தால் சூரியன் எதிரில் வரும், பின்னால் மலை கருப்பாக நிற்கும், நடுவில் விழுகிற சாரல் வெள்ளியாகத் தெரியும். சாரலும் வெயிலும் மாறி மாறி வருவது அங்கே சாதாரணம், அதனால் காத்திருந்தால் கிடைக்கும். மற்ற ஷாட்டுகளில் மழையையே காட்ட வேண்டாம். புருவத்தில் நிற்கிற துளி, வாழையிலை நடுங்குவது, குடை மடங்குவது போதும்.

டேங்கர் வைத்தால் வேறு தொல்லை. அருகில் கொட்டும், இருபது அடி தள்ளி வயல் காய்ந்து கிடக்கும். அகலமான ஷாட் ஒன்றுகூட வைக்க முடியாது.

ஒலிக்காரன் எழுதியது:

சவுண்ட் பக்கம் ஒரு வார்த்தை. சாரலுக்குப் பெரிய சத்தம் கிடையாது, காற்றுதான் மைக்கில் அடித்து உயிரை வாங்கும். நடக்கிற பகுதியில் வசனம் வைக்காதீர்கள், வைத்தால் டப்பிங்தான், பத்து வயதுப் பையனுக்கு டப்பிங்கில் உயிர் வராது. மேக்கரைக்காரர் சொன்ன மைக்செட்டை வைத்து விளையாடலாம். கிளம்பும்போது காற்றில் விட்டு விட்டுக் கேட்கிறது, வயல் தாண்டினால் கொஞ்சம் தெளிகிறது, ஓடைக்கு வந்ததும் தண்ணீர் இரைச்சல் அதை முழுக்க முழுங்கிவிடுகிறது. கோயில் எவ்வளவு தூரம், பூசை முடிந்துவிடுமா என்பதெல்லாம் வசனம் இல்லாமலே புரியும். சினிமாப் பாட்டு போடாதீர்கள், உரிமைப் பிரச்சினை வரும். நன்கொடையாளர் பெயர் அறிவிக்கிற குரலே போதும்.

தெற்குமேடு எழுதியது:

எனக்கு ஒரு கேள்வி. உப்பு இப்போது ஒரு கிலோ பிளாஸ்டிக் பாக்கெட்டில்தானே வருகிறது? பையன் அதை அப்படியே தூக்கிக்கொண்டு போனால் ஆற்றில் விழுந்தாலும் ஒன்றும் ஆகாது. இல்லையென்றால் கோயில் வாசலிலேயே உப்பு மிளகு பொட்டலம் விற்கிறார்களே, அதை வாங்கிப் போட்டுவிட்டு வரலாம். ஆச்சிக்கு எப்படித் தெரியும்?

மேக்கரைக்காரர் எழுதியது:

நல்ல கேள்வி, முழுக் கதையும் இதில்தான் இருக்கிறது என்பேன். பாக்கெட் உப்பு ஏன் ஆகாது என்பதை முதல் காட்சியிலேயே நிறுவ வேண்டும். எங்கள் வீட்டில் உப்பையும் மிளகையும் பிள்ளையின் தலையைச் சுற்றி, பாலுண்ணி இருக்கிற இடத்தில் தொட்டு எடுத்து, துணியில் முடிந்து வைப்பார்கள். அதைத்தான் கோயிலில் பலிபீடத்தில் போட வேண்டும். ஆச்சி படுத்தபடியே தங்கச்சியைப் பக்கத்தில் உட்கார வைத்துச் சுற்றி முடிகிறாள் என்று வையுங்கள். இனிமேல் அந்த உப்புக்கு மாற்று உப்பு கிடையாது. கடையில் புதுசு வாங்கலாம், ஆனால் அது தங்கச்சியைத் தொட்ட உப்பு இல்லை.

இப்போது உங்கள் பழைய திரைக்கதையில் என்ன குறை என்று பாருங்கள். வழியில் வருகிற தடை எல்லாம் பையன் உடம்புக்குத்தான், வாக்குக்கு ஒன்றும் ஆகவில்லை. விழுந்து எழுந்தாலும் முடிச்சு அப்படியே இருக்கிறது. அதனால்தான் "போய்ச் சேருறான், அவ்வளவுதானா" என்கிறார்கள். மழை அவன் கையில் இருப்பதைத் தொட வேண்டும். அதோடு, யாருக்கும் தெரியாமல் ஏமாற்றிவிடலாம் என்கிற இடம் ஒன்று வேண்டும்.

அந்த இடம் கோயிலிலேயே இருக்கிறது. ஆடி வெள்ளியில் பலிபீடத்தில் ஊர்க்காரர்கள் போட்ட உப்பு குவிந்து கிடக்கும், சாரலில் நசநசத்துப் போய் இருக்கும். பையன் முடிச்சை அவிழ்க்கிறான். உப்பு இல்லை, மிளகு மட்டும் இருக்கிறது. மிளகு கரையாதே! பக்கத்தில் உப்புக் குவியல். ஒரு கை அள்ளி அங்கேயே போட்டால் எவனுக்குத் தெரியும்? ஆனால் அடுத்தவர் கழித்துப் போட்ட உப்பைத் தொட்டால் அவர்கள் நோய் நமக்கு ஒட்டும் என்று அவனுக்குச் சின்ன வயதிலிருந்தே சொல்லியிருக்கிறார்கள். எழுதிப் பார்த்தால் இப்படி வரும்:

காட்சி 6. வெளி, சாயங்காலம். கோயில், பலிபீடம்.
நெஞ்சுக்குக் கீழே சொட்டச் சொட்ட நிற்கிறான். மைக்செட்டில் பெயர்கள். முன்னால் ஒரு அம்மாள் உப்பைக் கொட்டிவிட்டு நகர்கிறாள். பையன் முடிச்சைப் பல்லால் கடித்து அவிழ்க்கிறான், ஈரத்தில் இறுகியிருக்கிறது. துணியில் கறுப்பாக மிளகு மட்டும். விரலால் துழாவுகிறான். துணி ஓரத்தை நாக்கில் வைத்துப் பார்க்கிறான். குவியலைப் பார்க்கிறான். கை நீள்கிறது. பின்னால் வரிசையில் ஒரு குரல்: "ஏல, போட்டாச்சுன்னா தள்ளு."

இங்கே நிறுத்துகிறேன். அவன் அள்ளுகிறானா இல்லையா என்பதை எழுதுகிறவர்தான் முடிவு செய்ய வேண்டும். துணியை நாக்கில் வைப்பது மட்டும் இருக்கட்டும், ஏனென்றால் உப்பு கரைந்தது என்று வசனத்தில் சொல்ல வேண்டியதில்லை.

ரீல் மதுரை எழுதியது:

இது நன்றாக இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் அழுகை இல்லாமல் ரசிகன் கைதட்ட மாட்டான், அது என் அபிப்பிராயம்.

வேலந்தாவளம் அக்கா எழுதியது:

அய்யோ, நான் நிஜமான பாப்பா என்றே நினைத்துவிட்டேன்! சரி, கேட்கிறேன். உப்பு கரைகிற மாதிரி பாலுண்ணியும் கரையட்டும் என்றுதானே போடுகிறோம்? அவன் கொண்டுபோன உப்பு ஓடையில் கரைந்துவிட்டது. எங்கே கரைந்தால் என்ன? என் மாமியாரிடம் இந்தக் கதையைச் சொன்னேன், "அந்தப் பையன் நேர்ச்சை ஓடையிலேயே முடிஞ்சுபோச்சு, மிளகை மட்டும் போட்டுட்டு வரச் சொல்லு" என்றார்.

தெற்குமேடு எழுதியது:

அக்கா, நேர்ந்தது கோயிலுக்கு. பலிபீடத்தில் போடுவதாகச் சொல்லிவிட்டு ஓடையில் போட்டால் கணக்கில் வராது. எங்கள் அம்மா நிச்சயம் மறுபடி ஒருமுறை போடச் சொல்வார்.

குண்டாற்றங்கரை எழுதியது:

இரண்டு பாட்டிமாரும் இரண்டு மாதிரி சொல்வார்கள் என்பதே எனக்கு வேண்டியது. கோயிலில் முடிக்காமல் வீட்டில் முடிக்கலாமா என்று யோசிக்கிறேன். ஆச்சி "போட்டியாலே?" என்று கேட்கிறாள். அவன் என்ன சொல்வான் என்று இன்னும் எழுதவில்லை. நாய், வெயில், பாலுண்ணி எல்லாம் போனதில் பதினொரு பக்கத்துக்கு வந்துவிட்டது.

லாரி டிரைவரை என்ன செய்வது? "எவிடெக்கா மோனே?" என்று அவர் கேட்பதும் இவன் தமிழில் பதில் சொல்வதும் எனக்குப் பிடிக்கும், எங்கள் ஊர் அப்படித்தான்.

மேக்கரைக்காரர் எழுதியது:

லாரி மலைப்பாதையில் போகிறது, கோயில் வயலுக்குள் இருக்கிறது. அவர் எங்கே ஏற்றி எங்கே இறக்குவார்? வைத்தே ஆக வேண்டுமென்றால் சாலையைக் குறுக்கே கடக்கிற இடத்தில், சாரலுக்கு வண்டியை ஓரம் கட்டிக் கண்ணாடி துடைக்கிறவராக வையுங்கள். மலையிலிருந்து இறங்கி வருகிறவருக்குத்தான் மேலே என்ன மழை என்று தெரியும். "மேலே நல்ல மழயா" என்று ஒரு வரி அவர் சொன்னால் ஓடைக்குத் தயாரிப்பும் ஆயிற்று, மலையாளமும் வந்தாயிற்று. லிப்ட் கொடுப்பது வேண்டாம்.

அப்புறம் படப்பிடிப்பு. தண்ணீர் ஏறுகிற நிஜ ஓடையில் எந்தக் காரணத்துக்கும் பிள்ளையை இறக்காதீர்கள். முழங்கால் அளவு வாய்க்காலில் பையனை உட்காரச் சொல்லி, கேமராவைத் தண்ணீர் மட்டத்தில் வைத்தால் நெஞ்சுமட்டம் மாதிரி தெரியும். கலங்கல் தண்ணீரையும் சருகையும் கரையில் நின்று தனியாக எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒலிக்காரன் எழுதியது:

அந்தத் தண்ணீரைத் தனியாக எடுக்கும்போது சத்தத்தையும் எடுங்கள். வாய்க்கால் சத்தமும் ஓடைச் சத்தமும் ஒன்றில்லை.

தெற்குமேடு எழுதியது:

குழந்தை நடிகர் என்றால் மாவட்ட ஆட்சியரிடம் அனுமதி வாங்க வேண்டும், 2017 விதிகளில் இருக்கிறது. ஒரு நாளைக்கு அஞ்சு மணி நேரத்துக்குமேல் கூடாது, ஓய்வில்லாமல் தொடர்ந்து மூணு மணி நேரத்துக்குமேல் கூடாது. நனைந்துகொண்டே நடிக்கிற பையனுக்கு அதுவே அதிகம்.

குண்டாற்றங்கரை எழுதியது:

அனுமதிக்கு எழுதிப் போடுகிறேன். நாலு மணி வெளிச்சம்தான் வேண்டும் என்பதால் மதியத்துக்குமேல் மட்டும் எடுத்தால் நேரக் கணக்கு இடிக்காது. ஆடிக்குள் முடியாவிட்டால் ஆவணி முதல் வாரம்வரை சாரல் தாக்குப் பிடிக்குமா மேக்கரை அண்ணே?

மேக்கரைக்காரர் எழுதியது:

பிடிக்கலாம், பிடிக்காமலும் போகலாம், காற்று குறைந்துவிட்டால் போச்சு. கோயில் கூட்டத்தை நிஜக் கடைசி வெள்ளியிலேயே எடுத்துவிடுங்கள், அதற்குக் கோயில் தர்மகர்த்தாவிடம் முன்கூட்டியே பேசுங்கள். ஓடையையும் வயலையும் ஆவணிக்குத் தள்ளலாம். ஆச்சி வீட்டுக்குள் காட்சிக்கு மழையே தேவையில்லை, அதை எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம், ஆனால் பையனுக்கு முடி வெட்டிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.